அட்டைக் கணக்கும் இலைக் கணக்கும்: கல்யாண விருந்துக்கு எவ்வளவு சமைப்பது?

மகன் அல்லது மகளின் திருமணத்திற்காக வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே எடுக்க வரும் வாடிக்கையாளர்களும், தனிநபர் கடன் கேட்டு வருபவர்களும் செலவுப் பட்டியலொன்றைக் கையில் கொண்டு வருவது வழக்கம். அதில் நகைக்கு எடை எழுதப்பட்டிருக்கும். மண்டபத்திற்கு நாளும் வாடகையும் எழுதப்பட்டிருக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: 'சாப்பாடு, 800 இலை'. அந்த 800 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "350 அட்டை அடிக்கிறோம், அட்டைக்கு இரண்டு பேர், கூடவே ஒரு நூறு இருக்கட்டும்" என்பதே விடையாக வரும்.

திருமணச் செலவுகளில் மற்றவை முன்கூட்டியே முடிவாகிவிடும். விருந்து ஒன்றுதான் நடந்து முடிந்த பிறகு எண்ணித் தீர்க்கும் செலவு. ஆகவே இதில் இரண்டு எண்களைச் சரியாக அறிய வேண்டும். ஒன்று, எத்தனை இலை விழும் என்பது. மற்றொன்று, ஓர் இலைக்கு எவ்வளவு பொருள் தேவை என்பது. ஒரு முகூர்த்தச் சைவ விருந்தை எடுத்துக்கொண்டு இவ்விரண்டையும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

அட்டையிலிருந்து இலைக்கு

இரு வீட்டாருமாகச் சேர்ந்து 350 அழைப்பிதழ்கள் கொடுக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முகூர்த்தம் காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள். முதல் நாள் மாலை வரவேற்பு உண்டு. நாம் கணக்கிட இருப்பது மறுநாள் மதிய விருந்தை மட்டுமே.

350 அட்டைகளையும் ஒரே சராசரியால் பெருக்கக் கூடாது. அவற்றை மூன்று கூறாகப் பிரிக்க வேண்டும். முதற்கூறு, வெளியூரிலிருந்து வந்து தங்கும் நெருங்கிய உறவினர்கள். இவர்களை அட்டையால் எண்ணாமல் பெயரால் எண்ண வேண்டும். எந்த வண்டியில் வருகிறார்கள், எந்த அறையில் தங்குகிறார்கள் என்பது நமக்கு எப்படியும் தெரிந்திருக்கும். நம் எடுத்துக்காட்டில் 40 அட்டைகளுக்கு 140 பேர்.

இரண்டாம் கூறு, உள்ளூர் உறவினர்களும் அண்டை வீட்டாரும். இவர்களுக்கு அட்டைக்கு இரண்டு பேர் என்ற சராசரி பெரும்பாலும் பொருந்தும். 110 அட்டைகளுக்கு 220 பேர். மூன்றாம் கூறு, அலுவலக நண்பர்கள், தொழில்வழிப் பழக்கமானவர்கள், அறிமுகமானவர்கள். கணக்குப் பெரிதும் பிசகுவது இங்கேதான். இவர்களுக்கு 200 அட்டைகள் சென்றிருந்தாலும், பாதிப்பேர் மாலை வரவேற்புக்கு வந்து வாழ்த்திவிட்டுச் சென்றுவிடுவார்கள். மீதியுள்ள 100 அட்டைகளில் 60 பேர் தனியாகவும், 40 பேர் துணையோடும் காலையில் வருவதாகக் கொண்டால் 140 பேர்.

மூன்றும் சேர்ந்து 500. இதோடு நாகசுர குழுவினர், புகைப்படக்காரர்கள், ஒப்பனையாளர், வண்டி ஓட்டுநர்கள், மண்டபப் பணியாளர்கள் என்று 30 பேரைச் சேர்க்க வேண்டும். பட்டியலில் பெயரில்லாமல் பந்தியில் அமர்பவர்கள் இவர்கள். ஆக எதிர்பார்க்கும் எண்ணிக்கை 530. முன்பு சொன்ன 800 எங்கே, இந்த 530 எங்கே?

முகூர்த்த நேரத்தையும் இங்கே பார்க்க வேண்டும். முகூர்த்தம் காலை 6 மணி அளவில் அமைந்தால், உள்ளூர்க்காரர்களில் பலர் காலைச் சிற்றுண்டியோடு விடைபெற்று வேலைக்குச் சென்றுவிடுவர். சிற்றுண்டி இலை கூடும், மதிய இலை குறையும். முகூர்த்தம் 11 மணியை ஒட்டி அமைந்தால் இது தலைகீழாகும். ஒரே எண்ணை இரு வேளைக்கும் எழுதிக் கொடுப்பவர், இரண்டில் ஒரு வேளைக்கு நிச்சயம் தவறாகவே கொடுத்திருப்பார்.

கூடுதலாக எவ்வளவு வைப்பது?

எதிர்பார்ப்புக்கு மேல் சிறிது கையிருப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்த அளவு விருந்தின் பருமனைப் பொறுத்தது. 100 பேர் விருந்தில் 15 பேர் அடங்கிய ஒரு வேன் எதிர்பாராமல் வந்துவிட்டால் கணக்கு 15 விழுக்காடு பிசகும். அதே வேன் 1,000 பேர் விருந்துக்கு வந்தால் பிசகு ஒன்றரை விழுக்காடுதான். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, வராதவரும் கூடுதலாக வந்தவரும் ஒருவரையொருவர் ஈடுகட்டுவர். ஆகவே 100 பேருக்கு 10 முதல் 15 விழுக்காடு, 500 பேர் அளவில் 8 முதல் 10 விழுக்காடு, 1,000 பேருக்கு 5 விழுக்காடு என்று கையிருப்பு வைத்தால் போதும்.

இந்தக் கையிருப்பைச் சமைத்து வைக்கத் தேவையில்லை. சமைக்காத பொருளாகவே வைத்திருக்கலாம். நம் கணக்கில் 50 பேருக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம் பருப்பு, 4 கிலோ உருளைக்கிழங்கு, ஓரிரு கட்டு அப்பளம் ஆகியன போதும். தேவைப்பட்டால் ஒரு மணி நேரத்தில் சாதமும் சாம்பாரும் வறுவலும் தயாராகிவிடும். தேவைப்படாவிட்டால் அத்தனையும் வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேரும். சமைத்த கையிருப்பு மீந்தால் வீண். சமைக்காத கையிருப்பு மீந்தால் மளிகை.

ஓர் இலைக்கு எவ்வளவு?

இனிப் பொருள் கணக்குக்கு வருவோம். நம் விருந்தின் பட்டியல் நடுத்தரமானது: வெள்ளைச் சாதம், பருப்பு, சாம்பார், ரசம், தயிர், புளியோதரை, பொரியல், கூட்டு, அவியல், வடை, அப்பளம், பாயசம், ஓர் இனிப்பு, ஊறுகாய்.

இவற்றில் எண்ணிப் பரிமாறுபவை சில. அளந்து பரிமாறுபவை சில. வடை, அப்பளம், இனிப்பு ஆகியவை எண்ணிப் பரிமாறுபவை. இவற்றுக்கு இலை எண்ணிக்கையோடு மறுமுறை கேட்பவர்களுக்கானதைச் சேர்த்தால் போதும். இலைக்கு ஒன்று போக, வடையில் ஐந்து பேருக்கு ஒன்றும், அப்பளத்தில் நான்கு பேருக்கு ஒன்றும், இனிப்பில் பத்துப் பேருக்கு ஒன்றும் கூடுதலாக வைக்கலாம். அவ்வாறாயின் 530 இலைக்கு வடை 636. ஒரு கிலோ உளுத்தம் பருப்பை ஊறவைத்து அரைத்தால் நடுத்தர அளவில் 40 முதல் 45 வடைகள் வரும் என்பதால், ஏறத்தாழ 15 கிலோ உளுந்து வேண்டும்.

அளந்து பரிமாறுபவற்றுக்கு 100 இலையை அலகாகக் கொள்வது எளிது. கீழ்க்காண்பவை நம் பட்டியலுக்குப் பொருந்தும் அளவுகள்:

- வெள்ளைச் சாதத்திற்கு அரிசி: 100 இலைக்கு 10 கிலோ, 530 இலைக்கு 53 கிலோ.
- புளியோதரைக்கு அரிசி: 100 இலைக்கு 3 கிலோ, 530 இலைக்கு 16 கிலோ.
- பருப்பு, சாம்பார், ரசம் மூன்றுக்கும் துவரம் பருப்பு: 100 இலைக்கு மூன்றரை கிலோ, 530 இலைக்கு பதினெட்டரை கிலோ.
- பொரியல், கூட்டு, அவியல், சாம்பார் எல்லாவற்றுக்கும் காய்கறி: 100 இலைக்கு 18 கிலோ, 530 இலைக்கு 95 கிலோ.
- தயிர்: 100 இலைக்கு 8 லிட்டர், 530 இலைக்கு 42 லிட்டர்.
- பாயசம்: 100 இலைக்கு 10 லிட்டர், 530 இலைக்கு 53 லிட்டர்.

100 பேருக்கு 10 கிலோ அரிசி என்பது குறைவாகத் தோன்றலாம். ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை சாதமாகும். ஆக ஓர் இலைக்கு ஏறத்தாழ 270 கிராம் சாதம் கிடைக்கிறது. சாம்பார், ரசம், தயிர் என மூன்று சுற்றுக்கு இது போதும். பந்தியில் சிலர் கூடுதலாகச் சாப்பிட்டாலும், குழந்தைகளும் முதியோரும் அதில் பாதிகூடச் சாப்பிடுவதில்லை.

பட்டியல் நீண்டால் வயிறு நீள்வதில்லை

மேற்சொன்ன அளவுகள் எல்லா விருந்துக்கும் பொருந்தா. புளியோதரையும் அவியலும் இல்லாத எளிய விருந்தாயின், 100 இலைக்கு வெள்ளைச் சாதத்துக்கு 12 கிலோ அரிசி வேண்டும். ஒரே பொரியல் என்றால் அதற்கு மட்டும் 7 கிலோ காய் வேண்டும். மாறாக, பிசிபேளாபாத்தும் பூரி மசாலாவும் சேர்ந்துவிட்டால் வெள்ளைச் சாதத்துக்கு 8 கிலோ அரிசியே போதும். மூன்று காய்க்குத் தலா 5 கிலோ என்பதும் 4 கிலோவாகக் குறையும்.

புதிதாக ஒரு பதார்த்தத்தைச் சேர்க்கும்போது, பழையவற்றின் அளவைக் குறைக்காமல் அப்படியே விட்டுவிடுவதுதான் விருந்து மீறிப்போவதற்கு முதற்காரணம். அதனால், "இன்னொரு கலந்த சாதம் வைத்தால் இலைக்கு எத்தனை ரூபாய் கூடும்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "அதற்கு ஈடாக எதைக் குறைப்பீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். நன்கு தெரிந்த சமையல்காரர் இதற்கு உடனே விடை சொல்வார்.

வீட்டில் பத்துப் பேருக்குச் செய்யும் அளவை அப்படியே 53 மடங்கு பெருக்குவதும் தவறு. அரிசி, பருப்பு, காய் ஆகியவை பெருக்கலுக்குக் கட்டுப்படும். உப்பு, புளி, மிளகாய், தண்ணீர் ஆகியவை கட்டுப்படா. பெரிய அண்டாவில் பரப்பை ஒப்பிடக் கொள்ளளவு மிகுதி. அதனால் தண்ணீர் ஆவியாகும் வீதம் குறையும். வீட்டு விகிதப்படி தண்ணீர் ஊற்றினால் சாம்பார் நீர்த்துவிடும். பலகாரம் பொரிக்கும் எண்ணெயும் அவ்வாறே. வாணலி நிரம்பத் தேவையான எண்ணெய் 200 வடைக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், 600 வடைக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வடை உறிஞ்சுவது மட்டுமே எண்ணிக்கையோடு கூடும்.

மளிகைப் பட்டியலைச் சோதிக்க ஒரு வழி

சமையலுக்குக் கூலி மட்டும் பேசிக்கொண்டு பொருள்களைத் தாமே வாங்கித் தரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்கள் கையில் சமையல்காரர் தரும் மளிகைப் பட்டியல் 60, 70 வரிகள் கொண்டது. ஒவ்வொரு வரியையும் ஆராயத் தேவையில்லை. அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய், நெய், சர்க்கரை ஆகிய ஐந்தை மட்டும் எடுத்து, மொத்த அளவை இலை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

530 இலைக்கு வெள்ளைச் சாதத்துக்கு 100 கிலோ அரிசி என்று எழுதியிருந்தால், இலைக்கு 189 கிராம். வெந்தால் அரை கிலோ சாதம். விருந்தில் அது செல்லாது. எண்ணெய் 60 கிலோ என்றால் இலைக்கு 113 கிராம். நம் பட்டியலுக்கு 40 முதல் 50 கிராம் வரைதான் நியாயம். இதை உடனே ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் நாள் இரவு உணவும் காலைச் சிற்றுண்டியும் அதே பட்டியலில் அடங்கியிருக்கலாம். ஒவ்வொரு வேளைக்கும் தனிப்பட்டியல் கேட்டு வாங்கினால் ஐயம் தெளிந்துவிடும்.

பந்தியைப் பார்த்துச் சமைப்பது

சாம்பார், கூட்டு, பாயசம் போன்றவற்றை முன்கூட்டியே முழுமையாகச் செய்தாக வேண்டும். சாதமும் அப்பளமும் அப்படியல்ல. நம் மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் 140 பேர் அமரலாம் என்று கொள்வோம். 530 பேருக்கு நான்கு பந்திகள். ஒரு பந்திக்கு 35 முதல் 40 நிமிடம் ஆகும். ஓர் அண்டா சாதம் வடிக்கவும் ஏறத்தாழ அதே நேரம் ஆகும்.

ஆகவே முதலில் இரண்டு பந்திகளுக்கான 28 கிலோ அரிசியை மட்டும் வடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாம் பந்தி அமரும்போது மூன்றாம் பந்திக்கான 14 கிலோ உலையேறட்டும். மூன்றாம் பந்தி அமர்ந்ததும், வீட்டுப் பொறுப்பாளர் ஒருவர் மணமேடைப் பக்கம் சென்று இன்னும் சாப்பிடாதவர்களை எண்ணி வர வேண்டும். 95 பேர் என்றால் 10 கிலோ வடித்தால் போதும். 150 பேர் என்றால் கையிருப்பு அரிசியும் பருப்பும் உடனே அடுப்பேற வேண்டும். பொறுப்பாளர் எண்ண மறந்துவிட்டால் இரண்டிலொன்று நேரும்: அண்டா நிறையச் சாதம் மீறும், அல்லது கடைசிப் பந்தியில் சம்பந்தி வீட்டார் சாதத்துக்குக் காத்திருப்பர்.

இலையும் தட்டும் எண்ணுவது எப்படி?

வாழையிலையை எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிடப் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேலாக வாங்க வேண்டும். வழியில் கிழிவதும் நுனி மடங்குவதும் இயல்பு. நமக்கு 600 இலைகள். சிறு தண்ணீர்ப் பாட்டில்கள் கொடுப்பதாயின் நான்கு பேருக்கு ஐந்து என்று கொள்ளலாம். கோடையில் இன்னும் கூடும்.

பணம் தீர்க்கும்போது சச்சரவு எழுவது இந்த எண்ணிக்கையில்தான். "620 இலை விழுந்தது" என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். "500 கூட இருக்காது" என்று வீட்டார் சொல்வர். வரவேற்பில் தட்டு வைத்தால் குழப்பம் இன்னும் மிகுதி. ஒரே விருந்தினர் சிற்றுண்டிக்கு ஒரு தட்டும் தயிர்ச்சாதத்துக்கு இன்னொரு தட்டும் எடுப்பார். எண்ணும்போது அவர் இருவராகிவிடுவார். இதற்குப் பெரிய தட்டு ஒன்றை மட்டுமே தலைக்கணக்காக எண்ணுவது, இனிப்புக்கும் தயிர்ச்சாதத்துக்கும் சிறு கிண்ணம் வைப்பது என்று முன்பே எழுத்தில் பேசிக்கொள்வது நல்லது.

எங்கள் கிளையில் காலையில் தொடக்க இருப்பு, மாலையில் இறுதி இருப்பு என்று ரொக்கத்தை எண்ணுவோம். இலைக்கும் அதுவே போதும். முதல் பந்திக்கு முன் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து இலைகளை எண்ணி, ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கடைசிப் பந்தி முடிந்ததும் மீதியையும், கிழிந்ததென்று ஒதுக்கியவற்றையும் எண்ண வேண்டும். வந்தவை 600, மீதி 67, கிழிந்தவை 18 என்றால், விழுந்தவை 515. இதில் வாதத்துக்கு இடமில்லை.

பணத்தில் எவ்வளவு?

இலைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 800 இலைக்கு உறுதி கொடுத்திருந்தால், 515 பேர் சாப்பிட்டாலும் 2,40,000 ரூபாய் கொடுத்தாக வேண்டும். எதிர்பார்ப்பு 530, குறைந்தபட்ச உறுதி 475, அதற்கு மேல் விழும் இலைக்குக் கணக்குப்படி என்று பேசியிருந்தால் 1,54,500 ரூபாய்.

குறைந்தபட்ச உறுதியே தர முடியாது என்று சொல்வது நியாயமாகாது. பால், காய்கறி, ஆட்கள் எல்லாவற்றையும் ஒப்பந்தக்காரர் இரண்டு நாள் முன்பே நம் எண்ணிக்கையை நம்பி ஏற்பாடு செய்கிறார். எதிர்பார்ப்பில் 90 விழுக்காட்டை உறுதியாகத் தருவது இரு தரப்புக்கும் பொருந்தும். எண்ணிக்கை குறைந்தால் இலை விலையைச் சற்று உயர்த்தவும் அவர் கேட்கலாம். சமையல்காரர் கூலியும், பாத்திர வாடகையும், வண்டிச் சத்தமும் 500 பேருக்கும் 800 பேருக்கும் பெரிதாக மாறுவதில்லை. விலை 325 ரூபாயாக உயர்ந்தாலும் மொத்தம் 1,67,375 ரூபாய்தான். அப்போதும் 70,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சுகிறது. அந்த 70,000 ரூபாயைக் 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக் கடனாக வாங்கியிருந்தால், மாதத் தவணை ஏறத்தாழ 2,325 ரூபாய். யாரும் உண்ணாத இலைகளுக்காக 36 மாதங்கள் தவணை கட்டுவதாக அது முடியும்.

ஒப்பந்தத்தில் நான்கு செய்திகள் எழுத்தில் இருக்க வேண்டும்: வேளைவாரியாகப் பதார்த்தப் பட்டியல், எதிர்பார்க்கும் எண்ணிக்கையும் குறைந்தபட்ச உறுதியும், இறுதி எண்ணிக்கையைத் தெரிவிக்கும் நாள், ஜி.எஸ்.டி. விலைக்குள் அடக்கமா தனியா என்பது. இறுதி எண்ணிக்கையைப் பெரும்பாலும் மூன்று நாள் முன்பு வரை மாற்றலாம். அதற்குள் மூன்றாம் கூற்றில் உள்ள 200 அட்டைகளுக்கு உரியவர்களிடம், காலையில் வருகிறார்களா மாலையிலா என்று தொலைபேசியில் கேட்டுவிடலாம். வீட்டிலுள்ள இருவர் இரண்டு மாலைப்பொழுதுகளைச் செலவிட்டால் இது முடிந்துவிடும். முழு முன்பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிடாமல், ஒரு பகுதியை இலைக் கணக்குத் தாளில் இருவரும் கையொப்பமிட்ட பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.